அவிச்ச தண்ணிய ஊத்திட்டு கலோரிய பாதியாக் குறைக்காதீங்க

எங்கட தங்கச்சி களுவாஞ்சிகுடியில இருக்கா, மூணு மாசமா ஃபோன் ஆப்ல சாப்பாட்டுக் கணக்கு எழுதுறா. போன கிழம நான் போன நேரம் கரட்ட வட்ட வட்டமா வெட்டி ஒரு சட்டி தண்ணியில அவிச்சு, தண்ணிய சிங்க்ல ஊத்திட்டு, ஆப்ல 40 கலோரி எண்டு போட்டா. பச்சையா 200 கிராம், அதுக்கு 82 வரணும். ஏன் பாதி எண்டு கேட்டா, "சத்தெல்லாம் தண்ணியோட போயிட்டு தானே அண்ணா" எண்டுறா. நார்ச்சத்தையும் பாதியாக்கி வச்சிருக்கா. இந்தத் தவற நிறையப் பேர் செய்யுறாங்க, அதான் எழுதுறன்.

தண்ணிக்குப் போறது கரையுற சாமான் மட்டும்தான். கரட்ல அது முக்கியமா சீனி, அந்தத் தண்ணிய ஒரு கரண்டி குடிச்சுப் பார்த்தா லேசா இனிக்கும். விட்டமின் சி, ஃபோலேட், பொட்டாசியம் எல்லாம் நல்லாவே போகும், ஆனா அதுகள்ல கலோரி இல்ல. நார் எண்டது மரக்கறிட உடம்பு மாதிரி, அவிச்சா மெதுவாகும், கரைஞ்சு ஓடாது. பெக்டின் மாதிரிக் கரையுற நார் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின்ட அட்டவணையில பச்சக் கரட் 100 கிராமுக்கு 41 கலோரி, 2.8 கிராம் நார். அவிச்சுத் தண்ணி வடிச்சது 100 கிராமுக்கு 35 கலோரி, 3 கிராம் நார். இதப் பார்த்திட்டு நார் கூடிட்டு எண்டு சந்தோசப்படாதீங்க, அவிக்கேக்க கரட்டின்ட நிறை குறைஞ்சிருக்கும், அதால நூறு கிராமுக்குள்ள நார் கொஞ்சம் நெருக்கமா நிக்குது. தங்கச்சிட கரட்ட வடிச்சு நிறுத்துப் பார்த்தம், 180 கிராம் வந்துது. நூறு கிராமுக்கு 35 எண்டு 180க்குப் போட்டா 63 கலோரி, நார் 5.4 கிராம். பச்சையில 82, நார் 5.6. போனது 19 கலோரி, கிட்டத்தட்ட கால்வாசி, நார்ல ஒண்டுமே இல்ல எண்டு சொல்லலாம். அவ குறைச்சது 42. மறுகா தாளிக்க ஊத்தின தேங்கெண்ணெய் ஒரு தேக்கரண்டியே 40 கலோரி, அத எழுதவே இல்ல!

கரட் மாதிரி இனிப்பான மரக்கறிய மெல்லிசா வெட்டி, தண்ணி கூட விட்டு, நேரம் கூட அவிச்சாத்தான் கால்வாசி வரைக்கும் போகும். முழுசா அவிச்சா, இல்லாட்டி கொஞ்சத் தண்ணியில மூடி அவிச்சா அதவிடக் குறைவு. போஞ்சி, கோவாவுக்கு நான் பத்து வீதம் தான் கழிப்பன், அதிலயும் கலோரி ரெண்டு மூண்டு தான் வித்தியாசம், எழுதாம விட்டாலும் குத்தமில்ல. நாருக்கு ஒண்டும் கழிக்கிறதில்ல. கோவா மட்டும் அட்டவணையில 100 கிராமுக்கு 2.5ல இருந்து 1.9க்கு இறங்கிக் கிடக்கு, அதுக்குக் கொஞ்சம் கழிக்கலாம்.

அடுத்த தவறு இதவிடப் பெரிசு. பச்சையா நிறுத்திட்டு ஆப்ல அவிச்சதின்ட கணக்க எடுக்குறது, இல்லாட்டி அவிச்சத நிறுத்திட்டு பச்சக் கணக்குப் போடுறது. எதுல நிறுத்தியளோ அதின்ட வரிசைய எடுங்க, அவ்வளவுதான். அவிச்சு வடிச்சதுக்கெண்டு தனி வரிசை இருந்தா அதுல தண்ணியோட போனது ஏற்கனவே கழிச்சுத்தான் கிடக்கும், நீங்க திருப்பிக் கழிச்சா ரெண்டு தரம் கழிச்ச மாதிரி.

மரவள்ளிக்கு இது நல்லா விளங்கும். பச்சையா 300 கிராம், 100க்கு 160 கலோரி வீதம் 480. அதுல இருக்கிறது மாப்பொருள், சீனி மாதிரி ஓடாது, தண்ணிய உறிஞ்சி உள்ளுக்கையே ஊதிட்டு நிக்கும். அவிச்சத நிறுத்தா 330 வந்துது எண்டு வைங்க, அதுக்கும் 160 போட்டா 528. ஒண்டும் கூடல்ல, தண்ணிக்குக் கணக்கு எழுதியிருக்கியள். தண்ணிய ஊத்தினதுக்கெண்டு எதுவும் கழிக்கவும் வேணாம். ஆனா மரவள்ளி அவிச்ச தண்ணிய மட்டும் கட்டாயம் ஊத்துங்க, அது சயனைட் போறதுக்கு, மூடியத் திறந்து அவிக்கிறதும் அதுக்குத்தான். கலோரிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

அதே மாதிரி, சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்களுக்கு அவிச்சு வடிச்சுச் சாப்பிடச் சொல்லுறது பொட்டாசியத்தக் குறைக்க. அத மெலியுறதுக்கான வழி எண்டு வேற ஆக்கள் எடுக்கக் கூடாது.

தங்கச்சி இப்ப கரட் தண்ணிய ஊத்துறதில்ல, சொதிக்கு எடுக்குறா. அப்ப கழிக்க ஒண்டுமில்ல, 82 தான் எண்டன். "அப்ப தேங்காப்பால்?" எண்டு கேட்டா. அதையும் அளந்து எழுது எண்டன், முகத்தச் சுழிச்சிட்டுப் போயிட்டா.