சுகமில்லாத சக ஆசிரியைக்கு எழுதும்போது: "தேவையென்றால் சொல்லுங்கள்" ஏன் போதாது

போன வருடம் மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்த வாரத்தில், எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் அக்கா காய்ச்சலில் படுத்துவிட்டார். கடும் தலைவலி, உடல் உளைச்சல், விடாத இருமல். மருத்துவர் இன்புளுவென்சா என்று சொல்லி வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார். அன்று மாலை நான் அவருக்கு இப்படி எழுதினேன்:

"அக்கா, சீக்கிரம் சுகமாகப் பிரார்த்திக்கிறேன். பாடசாலை வேலைகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எது தேவையென்றாலும் சொல்லுங்கள், நான் செய்து தருகிறேன். எப்போது வருவீர்கள்?"

அன்போடுதான் எழுதினேன். ஆனாலும் அந்தச் செய்தி அவருக்கு ஓய்வு தரவில்லை, வேலைதான் தந்தது. சுகமாகி வந்த பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்: "எதை உன்னிடம் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று யோசித்தே அன்று இரவு தூக்கம் போய்விட்டது." அவருடைய வீடு தோட்டத்தில் மேட்டு லயத்தில் இருக்கிறது. அறைக்குள் சிக்னல் கிடைக்காது. பதில் அனுப்ப இஸ்தோப்புக்கு வர வேண்டும். காய்ச்சலோடு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, மார்கழிப் பனியில் இரண்டு தடவை வெளியே வந்து நின்றிருக்கிறார். அதன் பிறகுதான் இந்த மாதிரிச் செய்திகளை எப்படி எழுத வேண்டும் என்று நான் கவனமாக யோசிக்கத் தொடங்கினேன்.

முதல் தவறு, பலரும் செய்வது, "எது தேவையென்றாலும் சொல்லுங்கள்" என்பதுதான். சொல்பவருக்கு அது தாராள மனம். கேட்பவரோ தன் வேலைகளை எல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து, அவற்றில் எதை இன்னொருவர் செய்யலாம் என்று பிரித்து, பிறகு வாய்விட்டுக் கேட்கவும் வேண்டும். 102 பாகை காய்ச்சலில் ஒருவருக்கு முடியாத வேலை அது. பெரும்பாலானோர் "பரவாயில்லை, ஒன்றும் வேண்டாம்" என்று எழுதிவிடுவார்கள். உதவி அங்கேயே முடிந்துபோகும். யோசிக்கும் வேலையை எழுதுகிறவர் எடுத்துக்கொண்டால்தான் அது உதவி. என்ன செய்யப்போகிறேன், எந்த நாள்வரை, யாரிடம் சொல்லிவிட்டேன் என்ற மூன்றும் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் மட்டும் மறுக்கட்டும். சம்மதம் என்றால் எதுவும் எழுதத் தேவையில்லாமல் இருக்க வேண்டும்.

இதற்கு முதலில் நேரசூசியைக் கையில் எடுங்கள். அக்காவின் விடயத்தில் நான் அன்றே பார்த்திருக்க வேண்டியவை இவை: அவர் தரம் 8 வகுப்பாசிரியர், ஆகவே காலையில் வரவு இடாப்பை யாராவது குறிக்க வேண்டும். ஒரு நாளின் எட்டுப் பாடவேளைகளில் ஐந்தோ ஆறோ அவருக்கு இருக்கும். வகுப்பின் புள்ளிப் பட்டியலில் மற்றப் பாட ஆசிரியர்கள் தரும் புள்ளிகளைப் பதிய வேண்டும். தரம் 10 விஞ்ஞான விடைத்தாள்கள் 38 இருந்தன. 21 திருத்தியாகிவிட்டது, 17 மிச்சம். இந்த நாலும் ஒரே வகை வேலைகள் அல்ல. அதை உணராமல் "எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னது இரண்டாவது தவறு.

இடாப்பை நான் குறிக்கலாம். அதற்கு அதிபரிடம் ஒரு வார்த்தை போதும். பாடவேளைகளைப் பொறுத்தவரை நான் நினைத்தபடி எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் பாடசாலையில் ரிலீப் பட்டியலைப் போடுவது பிரதி அதிபர். அவரிடம் கேட்காமல் "உங்கள் பாடம் எல்லாம் என்னுடையது" என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்தால், மறுநாள் அந்தப் பாடவேளையில் வேறொருவர் நிற்பார், என் வகுப்பு ஆளில்லாமல் இருக்கும். எனக்குச் சொந்தமான ஓய்வுப் பாடவேளைகளை மட்டுமே நான் கொடுக்க முடியும். அவற்றையும் பிரதி அதிபரிடம் சொல்லிய பின்தான் செய்தியில் எழுத வேண்டும்.

விடைத்தாள்தான் உண்மையில் சிக்கலானது. நல்ல மனதோடு பெரிய தீங்கு செய்துவிடக்கூடிய இடமும் அதுதான். பகுதி 1 பல்தேர்வு வினாக்கள். விடை அட்டவணை இருந்தால் யார் திருத்தினாலும் ஒரே புள்ளிதான் வரும். பகுதி 2 அப்படியில்லை. ஒளித்தொகுப்பை விளக்கச் சொன்ன வினாவுக்கு நாலு புள்ளி என்று வையுங்கள். ஒரு ஆசிரியர் ஒளி, நீர், காபனீரொட்சைட்டு, பச்சையம் என்று பெயர்கள் வந்தாலே புள்ளி கொடுப்பார். இன்னொருவர் அவை எப்படித் தொடர்புபடுகின்றன என்று எழுதியிருந்தால்தான் கொடுப்பார். இருவரும் தவறில்லை. ஆனால் ஒரே வகுப்பில் 21 பிள்ளைகள் ஒருவர் கையிலும் 17 பிள்ளைகள் இன்னொருவர் கையிலும் திருத்தப்பட்டால், வகுப்பு நிலை பிள்ளையின் விடையைப் பொறுத்து அமையாது, விடைத்தாள் அந்தக் கட்டின் எந்தப் பாதியில் இருந்தது என்பதைப் பொறுத்து அமைந்துவிடும். பெற்றோர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர், சுகமாகி வந்த அக்கா.

ஆகவே பகுதி 2-ஐத் திருத்தித் தருகிறேன் என்று செய்தியில் எழுதாதீர்கள். தவிர்க்கவே முடியாத நிலை வந்தால், அவருடைய புள்ளித்திட்டத்தை எடுத்து, அவர் ஏற்கெனவே திருத்திய மூன்று விடைத்தாள்களை வினா வினாவாகப் படித்துப் பாருங்கள். இந்தப் பிள்ளைக்கு ஏன் இரண்டு, அந்தப் பிள்ளைக்கு ஏன் மூன்று என்று உங்களால் விளக்க முடிந்தால் மட்டும் தொடருங்கள். முடியவில்லை என்றால் கட்டை அப்படியே கட்டி அலுமாரியில் பூட்டி வைத்துவிட்டு, புள்ளி கொடுக்கும் நாளைத் தள்ளிவைக்க முடியுமா என்று பகுதித் தலைவரிடம் கேளுங்கள். அந்த அவகாசத்தை வாங்கித் தருவது, 17 விடைத்தாள்களைத் திருத்தித் தருவதைவிடப் பெரிய உதவி.

அடுத்து, நாள் கணக்கு. "எப்போது வருவீர்கள்?" என்ற கேள்வி, எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், சீக்கிரம் வா என்றுதான் காதில் விழுகிறது. இன்புளுவென்சாவில் காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நாலு நாட்களில் இறங்கும். இருமலும் களைப்பும் இரண்டு வாரம்வரை இழுக்கலாம். நோய் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு மற்றவர்களுக்குத் தொற்றவும் செய்யும். மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு வகுப்புக்கு வருவதுதான் சரி. அதற்கு முன் வந்தால் நெருக்கி உட்கார்ந்திருக்கும் முப்பது, நாற்பது பிள்ளைகள் நடுவில் இருமிக்கொண்டு நிற்க வேண்டிவரும். இதை அறிந்தவர், "அடுத்த வெள்ளிவரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தானே நாளை நீட்டிக் கொடுப்பார்.

திரும்பி வந்த முதல் இரண்டு நாட்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். தார் ரோட்டில் பஸ் விட்டு இறங்கி, எங்கள் பாடசாலைப் படிக்கட்டு முழுவதையும் ஏறி வந்து, உடனே தொடர்ந்து மூன்று பாடவேளை சத்தமாகப் பேசுவது, காய்ச்சல் விட்ட உடம்புக்கு எவ்வளவு கடினம் என்று நான் அக்காவின் முகத்தில் பார்த்தேன்.

மருந்து சொல்லாதீர்கள். கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள் என்று சொல்வதில் கெடுதல் இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்த வலி மாத்திரையின் பெயரை எழுதுவது ஆபத்து. முதல் நாட்களில் இன்புளுவென்சாவும் டெங்கும் ஒன்றுபோலத் தோன்றலாம். டெங்கில் அஸ்பிரினும் இபுபுறூபனும் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். தடிமன் மாத்திரைகள் பலவற்றில் பரசிட்டமோல் கலந்திருப்பதால், அவற்றோடு பரசிட்டமோலையும் தனியாகப் போட்டால் அளவு மிஞ்சிவிடலாம். காய்ச்சல் இறங்கவில்லை என்றாலோ மூச்சுத் திணறினாலோ உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், வாகனம் நான் ஒழுங்கு செய்கிறேன் என்று எழுதலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நேரில் பார்க்க வருகிறேன் என்பதையும் யோசித்துச் சொல்லுங்கள். நம் வீடுகளில் ஆள் வந்தால் தேத்தண்ணீர் ஊற்றாமல் அனுப்ப மாட்டார்கள். படுத்திருப்பவர் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார். ஆசிரியர்களின் வாட்சப் குழுவில் அவருடைய நோயைப் பற்றி எழுதுவதும் வேண்டாம். யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இன்று அதே நிலை வந்தால் நான் எழுதுவது இதுதான். இணையம் தேடி அவரை இஸ்தோப்புக்கு வரவைக்காமல் இருக்க, சாதாரண குறுஞ்செய்தியாகவே அனுப்புவேன்:

"அக்கா, சுகமில்லை என்று கேள்விப்பட்டேன், மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நன்றாகப் படுத்து ஓய்வெடுங்கள். தரம் 8 இடாப்பை நாளையிலிருந்து அடுத்த வெள்ளிவரை நான் குறிக்கிறேன், அதிபரிடம் சொல்லிவிட்டேன். புதன், வியாழன் மூன்றாம் பாடவேளைகளை நான் எடுப்பதாகப் பிரதி அதிபரிடம் பேசியாயிற்று. மற்ற ஆசிரியர்கள் தரும் புள்ளிகளையும் பட்டியலில் பதிந்து வைக்கிறேன். விஞ்ஞான விடைத்தாள் கட்டை யாரும் தொடமாட்டார்கள், அலுமாரியில் பூட்டியிருக்கிறது; புள்ளி கொடுக்கப் பகுதித் தலைவர் ஒரு வாரம் கூடுதலாகத் தந்திருக்கிறார். நீங்கள் வந்த முதல் இரண்டு நாளும் கடைசிப் பாடவேளையை நானே எடுக்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம். வெளியே பனி."

அவர் இல்லாத நாட்களில் என்ன நடந்தது என்பதை அன்றன்று அவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு தாளில் திகதி போட்டு எழுதுங்கள்: எந்தப் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை, எந்தப் பாடத்தின் புள்ளி இன்னும் வரவில்லை, எந்தப் பெற்றோர் தேடி வந்தார். அந்தத் தாளை இடாப்புக்குள் மடித்து வையுங்கள். திரும்பி வரும் காலையில் அவர் முதலில் திறப்பது அந்த இடாப்பைத்தான்.