லைன் சூப்பர்வைசர் பயோடேட்டா: பெருக்கிப் பார்த்தால் இடிக்கும் கணக்குகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வரும் சூப்பர்வைசர் பயோடேட்டாக்களில் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: "30 டெய்லர்களை வைத்து தினமும் 1,500 போலோ டி-ஷர்ட் எடுத்தேன், எஃபிஷியன்சி 85%." எழுதியவருக்கு இது பெருமையான வரி. படிக்கும் புரொடக்‌ஷன் மேனேஜரோ அடுத்த வரிக்குப் போவதற்குள் மனக்கணக்குப் போட்டுவிடுவார்.

அவர் போடும் கணக்கு இதுதான். ஒரு போலோவைத் தைத்து முடிக்க 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஃபேக்டரியில் இதை எஸ்.ஏ.எம். என்பார்கள், அந்த ஸ்டைலுக்கு இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பிரிவு தரும் நிமிடம். 30 பேர், 8 மணி நேரம் என்றால் கையில் இருப்பது 14,400 நிமிடம். அதை 15-ஆல் வகுத்தால் 960 பீஸ். அதாவது நூற்றுக்கு நூறு ஓடினாலே 960தான். அப்புறம் 1,500 எங்கிருந்து வந்தது? ஒன்று, அது ஒரு லைன் கணக்கு இல்லை. அல்லது அன்று இரவு வரை வேலை நடந்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் அது போலோவே இல்லை. எப்படிப் பார்த்தாலும் அந்த வரி எழுதியபடியே உண்மையாக இருக்க முடியாது.

தனித்தனியாகப் பார்த்தால் எந்த எண்ணும் தப்பாகத் தெரியாது. ஆள், நேரம், பீஸ், எஸ்.ஏ.எம்., எஃபிஷியன்சி ஆகிய ஐந்தும் ஒரே கணக்கின் துண்டுகள். நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாக வந்துவிடும். எஃபிஷியன்சி வேண்டுமென்றால் பீஸை எஸ்.ஏ.எம்.மால் பெருக்கி, ஆள் பெருக்கல் நிமிடத்தால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். பயோடேட்டாவை அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஐந்தையும் எழுதவேண்டும் என்பதில்லை, எழுதியவை ஒன்றோடொன்று இடிக்கக் கூடாது.

இதைவிட அதிகம் பேர் மாட்டுவது "புரொடக்‌ஷனைக் கூட்டினேன்" என்ற இடத்தில். அதே 30 பேர் லைன், ஒரு ஷிப்டில் 480 போலோ எடுக்கிறது. 480-ஐ 15-ஆல் பெருக்கினால் 7,200, எஃபிஷியன்சி 50%. ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறார்கள், 12 மணி நேரத்தில் 720 பீஸ் வருகிறது. உடனே பயோடேட்டாவில் "உற்பத்தியை 50% உயர்த்தினேன்" என்று ஏறிவிடும். நேரமும் அதே விகிதத்தில் கூடியிருக்கிறதே. 720-ஐ 15-ஆல் பெருக்கி 21,600 நிமிடத்தால் வகுத்தால் மறுபடி அதே 50%தான். லைன் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, கரண்ட் பில்லும் ஓவர்டைம் சம்பளமும்தான் ஏறியிருக்கின்றன. ஒன்றரை ஷிப்ட் ஓட்டி ஷிப்மெண்டைக் காப்பாற்றியதும் ஒரு திறமைதான், அதை அப்படியே எழுதலாம். எஃபிஷியன்சி என்ற பெயரில் எழுதினால்தான் சிக்கல்.

ஸ்டைல் மாறும்போதும் இதே கதை. "480-இலிருந்து 1,000 பீஸ்" என்று ஒருவர் எழுதியிருப்பார். விசாரித்தால் முதலாவது போலோ, இரண்டாவது 7 நிமிட ரவுண்ட் நெக். 1,000-ஐ 7-ஆல் பெருக்கினால் 7,000 நிமிடம். பீஸ் இரட்டிப்பு ஆகியும் எஃபிஷியன்சி சற்றுக் குறைந்திருக்கிறது! ஸ்டைல் பெயர் இல்லாத பீஸ் கணக்கை எழுதுவதால் ஒரு பயனும் இல்லை.

சரி, உண்மையாகவே கூட்டியிருந்தால் எப்படி எழுதுவது? அதே போலோ லைனையே எடுத்துக்கொள்வோம். ஷிப்டுக்கு 480 என்றால் மணிக்கு 60. மணிக்கணக்குப் போர்டில் எல்லா மணியிலும் 60-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சூப்பர்வைசர் ஒவ்வொரு மெஷினாகப் பார்க்கிறார். பிளாக்கெட், அதாவது கழுத்துக்குக் கீழே வரும் பட்டன் பட்டி, தைக்கும் டெய்லருக்கு முன்னால்தான் பண்டல் குவிந்து கிடக்கிறது, அவருக்குப் பின்னால் இருக்கிறவர்கள் பீஸுக்குக் காத்திருக்கிறார்கள். அந்த டெய்லரே மார்க் போட்டு, அவரே நூல் வெட்டுகிறார். இந்த இரண்டு வேலையையும் லைனில் டெய்லர்களுக்கு உதவியாக ஏற்கெனவே இருக்கும் ஒரு கைமடியிடம் மாற்றியதும் பிளாக்கெட் மணிக்கு 72 வருகிறது. மற்ற மெஷின்கள் அதைத் தாங்கியதால் ஷிப்டுக்கு 576 பீஸ். பெருக்கினால் 8,640, எஃபிஷியன்சி 60%.

இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. 480, 576 ஆனது. உற்பத்தி 20% கூடியது. எஃபிஷியன்சி 50-இலிருந்து 60-க்குப் போனது, அதாவது 10 புள்ளி. இரண்டும் சரி, ஆனால் "எஃபிஷியன்சி 20% கூடியது" என்று மட்டும் எழுதினால் படிப்பவர் 70 என்று எடுத்துக்கொள்வார், நேர்காணலில் நீங்கள் 60 என்பீர்கள். "50-இலிருந்து 60-க்கு" என்று இரண்டு முனையையும் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. ஒரு நல்ல நாளின் கணக்கா, ஆர்டர் முழுவதற்குமான சராசரியா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புது ஸ்டைல் ஏறிய முதல் சில நாள் லைன் படுத்துத்தான் எழும் என்பது மேனேஜருக்கும் தெரியும், அதை மறைக்கத் தேவையில்லை.

ஆள் கணக்கில் "45 பேரை மேற்பார்வை செய்தேன்" என்று மொத்தமாக எழுதுவார்கள். அதில் டெய்லர் எத்தனை, கைமடி எத்தனை, செக்கிங் எத்தனை? பிரித்துச் சொல்லுங்கள். சில கம்பெனிகள் எஃபிஷியன்சிக்கு டெய்லரை மட்டும் எண்ணும், சில கைமடியையும் சேர்க்கும். மேலே சொன்ன 480 பீஸ் லைனிலேயே 6 கைமடியைச் சேர்த்து 36 பேராக எண்ணினால் 50% என்பது 42%-க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். வேறு முறையில் எண்ணும் கம்பெனிக்குப் போகும்போது உங்கள் எண் காரணமில்லாமல் ஊதியதாகத் தெரியும்.

தரம் பற்றிய வரிகள்தான் எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைப்பவை. "ஏ.க்யூ.எல்.லை 4-இலிருந்து 2.5-ஆகக் குறைத்தேன்" என்று எழுதுகிறார்கள். ஏ.க்யூ.எல். என்பது எவ்வளவு டிஃபெக்ட் வரை ஏற்கலாம் என்று பையர் வைக்கும் அளவுகோல், சூப்பர்வைசர் குறைக்கிற பொருள் இல்லை. 3,000 பீஸ் ஆர்டரில் வழக்கமான இரண்டாம் நிலை இன்ஸ்பெக்‌ஷனில் 125 பீஸ் எடுப்பார்கள். மேஜர் டிஃபெக்டுக்கு 2.5 என்றால் 7 வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். அதனால் எழுத வேண்டியது, உங்கள் லைனின் ஆர்டர்களில் எத்தனை இன்ஸ்பெக்‌ஷன் நடந்தது, எத்தனை முதல் தடவையிலேயே பாஸ் ஆனது என்பதைத்தான்.

லைனுக்குள் நீங்கள் குறைக்கக் கூடியது டி.எச்.யூ., அதாவது நூறு பீஸுக்கு எத்தனை டிஃபெக்ட் என்ற கணக்கு. அதையும் டிஃபெக்ட் பீஸ் சதவீதத்தையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். 500 பீஸ் செக் செய்து 32 பீஸில் மொத்தம் 40 டிஃபெக்ட் இருந்தால் டி.எச்.யூ. 8, டிஃபெக்ட் பீஸ் 6.4%. "டி.எச்.யூ. 0.2" என்று எழுதி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது செக்கிங் டேபிளைத்தான், அங்கே யாரும் எழுதி வைக்கவில்லை என்றுதான் தோன்றும்.

அந்த போலோ லைன்காரர் இப்படி எழுதினால் போதும்: "போலோ லைன், 30 டெய்லர், 6 கைமடி, 3 செக்கிங். எஸ்.ஏ.எம். 15. பிளாக்கெட் வேலையைப் பிரித்து, 8 மணி நேர உற்பத்தி 480-இலிருந்து 576; எஃபிஷியன்சி (டெய்லர் மட்டும்) 50-இலிருந்து 60, ஆர்டர் சராசரி." இதைப் படிக்கிற மேனேஜர் கால்குலேட்டரை எடுக்க மாட்டார். மணிக்கு 72-க்கு மேல் ஏன் போகவில்லை, அடுத்து எந்த மெஷினில் தேங்கியது என்றுதான் கேட்பார்.