சைன் விதியா, கொசைன் விதியா? போட்டோவில் வந்த முக்கோணத்தில் நடக்கும் தவறுகள்

பரீட்சை நெருங்கினால் அஸ்தம்பட்டியிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் முக்கோணங்கள் வந்து விழும். நோட்டை மடியில் வைத்து, போனைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படங்கள். கீழே ஒரே கேள்வி: "சார், இதுக்கு சைனா, கொசைனா?" கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. sin 30 அடித்து 0.5 வருகிறதா என்று பார்த்தாலே அது தெரிந்துவிடும். கணக்கு சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போதே மதிப்பெண்ணைப் பறிக்கும் தவறுகளைத்தான் பார்க்கப்போகிறோம்.

படத்தின் உருவத்தைப் பார்த்து விதியைத் தேர்ந்தெடுப்பது

சாய்த்து எடுத்த போட்டோ ஒரு திசையில் படத்தை நசுக்கிவிடும். தாளில் 108 பாகையாக இருக்கும் கோணம் திரையில் செங்கோணம் போலத் தெரியலாம். அதை நம்பி பிதாகரஸ் தேற்றத்தைப் போடுகிறவர்கள் உண்டு. செங்கோணத்துக்கான சிறு சதுரக்குறியோ 90° என்ற எண்ணோ இல்லையென்றால் அதைச் செங்கோணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படத்திலிருந்து எடுக்க வேண்டியவை எண்களும், எந்த எண் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதும்தான். அவற்றைத் தனித்தாளில் புதிதாக வரைந்து குறியுங்கள். A என்ற முனைக்கு எதிரே இருக்கும் பக்கம் a. முனைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணை அந்த முனையின் எழுத்தோடு சேர்த்துவிடாதீர்கள். பிறகு ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஒரு கோணமும் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் சேர்ந்து ஜோடியாகத் தெரியுமா? தெரிந்தால் சைன் விதி. இரண்டு கோணங்கள் கொடுத்திருந்தால் 180-லிருந்து கழித்து மூன்றாவதைக் கண்டுபிடித்துவிடலாம், அப்போது ஜோடி தானாகவே கிடைக்கும். ஜோடியே இல்லையென்றால், அதாவது மூன்று பக்கங்கள் மட்டும், அல்லது இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு நடுவிலுள்ள கோணமும் மட்டும் தெரிந்தால், கொசைன் விதி.

பெரிய கோணத்தை சைன் விதியில் கண்டுபிடிப்பது

இதுதான் இன்றைக்கும் எரிச்சலூட்டுகிற தவறு. மாணவர்கள் மட்டுமல்ல, விடை எழுதிக் கொடுக்கிற பெரியவர்களும் செய்கிறார்கள். ஒரு வரிகூடத் தவறாக இல்லாதது போலத் தோன்றுவதால் பிடிபடுவதில்லை.

ஏற்காட்டுப் பக்கம் ஒரு முக்கோண காப்பித் தோட்டத் துண்டு என்று கணக்கு. AB = 50 மீட்டர், AC = 80 மீட்டர், நடுவிலுள்ள கோணம் A = 35°. ஜோடி இல்லை, ஆகவே கொசைன் விதி:

a² = 50² + 80² − 2 × 50 × 80 × cos 35°
a² = 8900 − 6553.2 = 2346.8
a = 48.444 மீட்டர்

இதுவரை எல்லாரும் சரியாக வந்துவிடுகிறார்கள். இப்போது a-வும் A-யும் ஜோடியாகிவிட்டன. சைன் விதி சுலபம் என்று B-க்குப் போகிறார்கள்:

sin B = 80 × sin 35° ÷ 48.444 = 0.9472

sin⁻¹ அழுத்தினால் கால்குலேட்டர் 71.3° என்கிறது. மிச்சம் C = 73.7°. கூட்டினால் 180 வருகிறது, கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள்.

விடை தவறு. B-யின் உண்மையான அளவு 108.7°. ஒரு கோணத்துக்கும் 180-லிருந்து அதைக் கழித்து வரும் கோணத்துக்கும் சைன் மதிப்பு ஒன்றே. 0.9472 என்பது 71.3°-க்கும் பொருந்தும், 108.7°-க்கும் பொருந்தும். கால்குலேட்டர் எப்போதும் 90-க்கு உட்பட்டதை மட்டுமே காட்டும், விரிகோணத்தைச் சொல்லவே சொல்லாது. கூட்டுத்தொகை 180 வந்தது சரிபார்ப்பே அல்ல. C-யைக் கழித்துத்தானே எடுத்தோம், வராமல் எங்கே போகும்?

உண்மையான சரிபார்ப்பு வேறு. பெரிய பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம் இருக்க வேண்டும். அந்தத் தவறான விடையில் 80 மீட்டருக்கு எதிரே 71.3°, 50 மீட்டருக்கு எதிரே 73.7°. இதைப் பார்த்த உடனேயே பேனா நிற்க வேண்டும்.

தப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கொசைன் விதிக்குப் பிறகு சைன் விதியில் போவதானால் சிறிய பக்கத்துக்கு எதிரான கோணத்தை முதலில் எடுங்கள். தெரிந்த 35°-ஐ விட்டால் மிச்சமிருக்கும் இரண்டு பக்கங்கள் 50, 80. சிறியது 50, அதன் எதிர்க்கோணம் C. அது விரிகோணமாக இருக்க முடியாது, ஏனென்றால் அதைவிடப் பெரிய கோணம் இன்னொன்று இருக்கிறது. sin C = 0.592, C = 36.3°, பிறகு B = 108.7°. மற்றொன்று, B-யைக் கொசைன் விதியிலேயே எடுப்பது:

cos B = (48.444² + 50² − 80²) ÷ (2 × 48.444 × 50) = −0.3206

மைனஸ் வந்துவிட்டது, விரிகோணம் என்று குறியே சொல்லிவிட்டது. cos⁻¹ நேராக 108.7° கொடுக்கும். கோணம் 90-ஐ ஒட்டி இருக்கும்போதும் இதுவே பாதுகாப்பு. சைன் மதிப்பு 0.998 என்றால் 86.4°, 0.999 என்றால் 87.4°, 1 என்றால் 90°. மூன்றாம் தசம இடத்தில் செய்கிற சிறு முழுமையாக்கம்கூட கோணத்தைப் பாகைக்கணக்கில் நகர்த்திவிடும். கொசைனில் அந்த இடத்தில் இப்படி ஆட்டம் இருக்காது.

நடுவில் இல்லாத கோணம்

வேறொரு தோட்டத்துக்கு AC = 80, BC = 50, A = 35° என்று கொடுத்தால் ஜோடி இருக்கிறது, சைன் விதி சரி. ஆனால் sin B = 0.9177, B என்பது 66.6° அல்லது 113.4°. இரண்டுமே செல்லும்! முதலாவதில் AB = 85.4 மீட்டர், இரண்டாவதில் 45.7 மீட்டர். ஒரே தகவலுக்கு இரண்டு தோட்டங்கள். C-யிலிருந்து AB கோட்டுக்கு விழும் செங்குத்துத் தூரம் 80 × sin 35° = 45.9. BC அதைவிடக் குறைந்தால் முக்கோணமே அமையாது, சமமானால் B செங்கோணம், 80 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்றுதான் அமையும், இடையில் இருந்தால் இரண்டு. போட்டோவின் உருவத்தைக் கேட்கலாம் என்று நான் ஒப்புக்கொள்கிற ஒரே இடம் இது. B விரிந்ததாக வரைந்திருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் நேர் மேலிருந்து எடுத்த படமாக இருந்தால் மட்டும். கேள்வியில் வேறு குறிப்பு இல்லையென்றால் இரண்டு விடைகளையும் எழுதுங்கள்.

8900 − 8000-ஐ முதலில் கழிப்பது

முதல் தோட்டக் கணக்கில் cos 35°-ஆல் பெருக்குவதற்கு முன்பே கழித்துவிட்டு 900 × cos 35° போட்டால் a = 27.2 வரும். 50 + 27.2 = 77.2, அது 80-ஐத் தொடவில்லை. முக்கோணமே மூடாது.

35-ஆ, 85-ஆ?

படத்தில் எண் மங்கலாக இருந்தால் மறுபடி படம் கேளுங்கள்.

சரிவில் அளந்த நீளம்

சேர்வராயன் மலைச் சரிவில் டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடித்து அளந்த நீளமும், தியோடலைட்டில் எடுத்த கிடைமட்டக் கோணமும் ஒரே முக்கோணத்தைச் சேர்ந்தவை அல்ல. ஒரு பக்கம் 20° சரிவில் ஏறினால் அதன் 80 மீட்டர், கிடைமட்டத்தில் 75.2 மீட்டர்தான். ஒவ்வொரு பக்கத்தையும் அதனதன் சரிவின் கொசைனால் பெருக்கிய பிறகே மேலே சொன்ன கேள்வியைக் கேட்க வேண்டும்.