லேத் மெஷினுக்குத் தேய்மானம்: நேர்கோட்டு முறையும் குறைந்து செல் மதிப்பு முறையும் படிப்படியாக

பத்தாம் வகுப்புக் கணக்கில் படித்த கூட்டுத் தொடர்வரிசையும் பெருக்குத் தொடர்வரிசையும் ஒரு பட்டறையின் கணக்கேட்டில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. நேர்கோட்டு முறையில் ஆண்டுதோறும் ஒரே தொகை கழிகிறது. குறைந்து செல் மதிப்பு முறையில் ஆண்டுதோறும் ஒரே விழுக்காடு கழிகிறது. முதலாவது கூட்டுத் தொடர், இரண்டாவது பெருக்குத் தொடர். ஒரே லேத் மெஷினை இரண்டு முறையிலும் பத்து ஆண்டுக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கணக்கும் எந்த ஆண்டில் எப்படிச் சந்திக்கின்றன என்பதில்தான் புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

படி 1: அடக்க விலையைச் சரியாக எடுங்கள்

பில்லில் உள்ள விலை மட்டுமே அடக்க விலை ஆகாது. மெஷின் ஓடத் தயாராகும் வரை அதற்காகச் செய்த செலவு எல்லாம் சேரும். நம் எடுத்துக்காட்டில் மெஷின் விலை 4,60,000 ரூபாய், லாரி வாடகையும் இறக்குகூலியும் 15,000, காங்கிரீட் மேடைக்கும் ஒயரிங்குக்கும் 25,000. மொத்தம் 5,00,000.

மெஷினுக்குக் கட்டிய 18% ஜிஎஸ்டி 82,800 ரூபாய். அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால் அடக்க விலையில் சேர்க்கக் கூடாது. வரவும் எடுத்து, அந்தத் தொகைக்குத் தேய்மானமும் போட்டால் வரி வரவு செல்லாமல் போய்விடும். இங்கே நாம் வரவு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆகவே முதல் உறுப்பு 5,00,000.

படி 2: நேர்கோட்டு முறை

இதற்கு இன்னும் இரண்டு எண்கள் தேவை: மெஷின் எத்தனை ஆண்டு உழைக்கும், கடைசியில் என்ன விலைக்குப் போகும். நம் கணக்கில் 10 ஆண்டு, இறுதி மதிப்பு 50,000 ரூபாய். (கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வழிகாட்டுகிறது: பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு, இறுதி மதிப்பு சாதாரணமாக அடக்க விலையில் 5%க்கு மேல் கூடாது.)

ஆண்டுத் தேய்மானம் = (5,00,000 − 50,000) ÷ 10 = 45,000

ஏட்டு மதிப்பு 5,00,000, 4,55,000, 4,10,000 என்று இறங்கும். பொது வித்தியாசம் −45,000. n ஆண்டு முடிவில்:

மதிப்பு = 5,00,000 − 45,000 × n

படி 3: குறைந்து செல் மதிப்பு முறை

வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு 15%. இந்த 15% ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டின் தொடக்க மதிப்பின் மேல் போடப்படுகிறது, அடக்க விலையின் மேல் அல்ல. 15% கழிந்தால் 85% மிஞ்சும். ஆகவே பொது விகிதம் 0.85.

மதிப்பு = 5,00,000 × 0.85ⁿ

முதல் ஆண்டுத் தேய்மானம் 75,000. இரண்டாம் ஆண்டு 4,25,000த்தில் 15%, அதாவது 63,750. மூன்றாம் ஆண்டு 54,188. தேய்மானத் தொகைகளும் 0.85 விகிதத்தில்தான் இறங்குகின்றன; அதுவும் தனியே ஒரு பெருக்குத் தொடர்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நேரும். ஒன்று, இறுதி மதிப்பை முதலிலேயே கழித்துவிட்டு 4,50,000த்தின் மேல் 15% போடுவது. இந்த முறையில் இறுதி மதிப்பைக் கழிப்பதே இல்லை. முதல் ஆண்டுத் தேய்மானம் 67,500 என்று வந்தால் இந்தத் தவறு நடந்திருக்கிறது என்று பொருள். இன்னொன்று, அடுக்கில் ஓர் எண் தவறுவது. பாடப்புத்தகத்தில் n ஆவது உறுப்புக்கு அடுக்கு n − 1. ஆனால் வாங்கிய நாளின் மதிப்புதான் முதல் உறுப்பு. ஓர் ஆண்டு முடிந்த மதிப்பு இரண்டாம் உறுப்பு. அதனால் n ஆண்டு முடிவு மதிப்புக்கு அடுக்கு n, n ஆவது ஆண்டின் தேய்மானத்துக்கு அடுக்கு n − 1 (75,000 × 0.85ⁿ⁻¹). சூத்திரத்தில் n = 1 போட்டால் மதிப்பு 4,25,000 என்றும் தேய்மானம் 75,000 என்றும் வர வேண்டும். வராவிட்டால் அடுக்கைத் திருத்துங்கள்.

படி 4: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்

எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் B1இல் 500000, B2இல் 50000, B3இல் 10, B4இல் 15% என்று எழுதுங்கள். A7 முதல் A17 வரை 0, 1, 2 … 10. பிறகு B7இலும் C7இலும் முறையே:

```
=$B$1-A7*($B$1-$B$2)/$B$3
=$B$1*(1-$B$4)^A7
```

இரண்டையும் 17ஆம் வரிசை வரை கீழே இழுத்துவிடுங்கள். டாலர் குறியை விட்டுவிட்டால் இழுக்கும்போது B1 என்பது B2, B3 என்று நகர்ந்து, இரண்டாம் வரியிலிருந்தே எண்கள் தாறுமாறாகும்.

ரூபாய்க்கு முழுமையாக்கினால் கிடைப்பது இது:

| ஆண்டு முடிவு | நேர்கோட்டு மதிப்பு | குறைந்து செல் மதிப்பு | அந்த ஆண்டின் 15% தேய்மானம் |
|---|---|---|---|
| 0 | 5,00,000 | 5,00,000 | – |
| 1 | 4,55,000 | 4,25,000 | 75,000 |
| 2 | 4,10,000 | 3,61,250 | 63,750 |
| 3 | 3,65,000 | 3,07,063 | 54,188 |
| 4 | 3,20,000 | 2,61,003 | 46,059 |
| 5 | 2,75,000 | 2,21,853 | 39,150 |
| 6 | 2,30,000 | 1,88,575 | 33,278 |
| 7 | 1,85,000 | 1,60,289 | 28,286 |
| 8 | 1,40,000 | 1,36,245 | 24,043 |
| 9 | 95,000 | 1,15,808 | 20,437 |
| 10 | 50,000 | 98,437 | 17,371 |

கூட்டிச் சரிபார்க்க பெருக்குத் தொடரின் கூடுதல் சூத்திரம் உதவும்: 75,000 × (1 − 0.85¹⁰) ÷ 0.15 = 4,01,563. 5,00,000இலிருந்து 98,437 போனாலும் அதே 4,01,563.

படி 5: இரண்டு சந்திப்புகளைப் பிரித்துப் பாருங்கள்

"நாலு வருஷத்துக்கு அப்புறம் குறைந்து செல் முறையில் தேய்மானம் குறைந்துவிடுகிறது, அப்படியென்றால் மெஷின் மதிப்பும் அதில் கூடுதலாக இருக்க வேண்டுமே?" என்ற கேள்வி வரும். இல்லை. தேய்மானத் தொகை சந்திப்பது ஓர் இடத்தில், ஏட்டு மதிப்பு சந்திப்பது வேறோர் இடத்தில்.

நான்காம் ஆண்டில் 15% தேய்மானம் 46,059. நேர்கோட்டின் 45,000ஐவிட இன்னும் சற்று அதிகம். ஐந்தாம் ஆண்டில் 39,150, இப்போது குறைவு. ஆகத் தேய்மானத் தொகைகள் நான்காம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் இடையில் இடம் மாறுகின்றன.

ஏட்டு மதிப்புக்கு என்ன நடக்கிறது? முதல் நான்கு ஆண்டும் குறைந்து செல் முறை அதிகமாகக் கழித்துக்கொண்டே வந்ததால், இரண்டு மதிப்புக்கும் நடுவில் இடைவெளி விரிந்துகொண்டே வந்தது. நான்காம் ஆண்டு முடிவில் 58,997 ரூபாய். அதுதான் உச்சம். ஐந்தாம் ஆண்டிலிருந்து அது குறைவாகக் கழிப்பதால் இடைவெளி சுருங்கத் தொடங்குகிறது: 53,147, பிறகு 41,425. எட்டாம் ஆண்டு முடிவில் வெறும் 3,755. ஒன்பதாம் ஆண்டில்தான் குறைந்து செல் மதிப்பு மேலே போகிறது. தேய்மானம் இடம் மாறும் ஆண்டு என்பது இடைவெளி மிகப் பெரியதாக இருக்கும் ஆண்டு. மதிப்பு சமமாகும் ஆண்டு அல்ல.

இதன் பலனை விற்கும்போது பார்க்கலாம். நான்காம் ஆண்டு முடிவில் மெஷினை 3,00,000க்கு விற்றால், நேர்கோட்டு ஏட்டில் 20,000 நட்டம். குறைந்து செல் ஏட்டில் 38,997 லாபம். மெஷின் ஒன்று, வாங்கியவர் கொடுத்த பணமும் ஒன்று. நான்கு ஆண்டுத் தேய்மானத்தோடு சேர்த்துப் பார்த்தால் 1,80,000 + 20,000, 2,38,997 − 38,997, இரண்டும் 2,00,000தான். எந்த ஆண்டில் எவ்வளவு செலவு காட்டுகிறோம் என்பது மட்டுமே மாறுகிறது.

படி 6: இரண்டும் 50,000இல் முடிய வேண்டுமென்றால்

பத்தாம் ஆண்டில் 15% முறை 98,437இல் நிற்கிறது. அதுவும் 50,000இல் முடிய வேண்டுமானால் விழுக்காட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்:

விழுக்காடு = 1 − (50,000 ÷ 5,00,000)^(1/10) = 20.57%

முதல் ஆண்டுத் தேய்மானம் 1,02,836 ரூபாய், கடைசி ஆண்டில் 12,946 மட்டும். `=DB(500000,50000,10,1)` என்று எக்செலில் போட்டால் 1,03,000 வரும். அந்தச் சூத்திரம் விழுக்காட்டை மூன்று தசமத்துக்கு, அதாவது 0.206 என்று முழுமையாக்கிக்கொள்கிறது. அதனால் கடைசியிலும் 50,000க்குப் பதில் சுமார் 49,794இல் நிற்கும். உங்கள் கணக்கில் தவறு என்று தேட வேண்டாம்.

இறுதி மதிப்பு பூஜ்யம் என்று வைத்தால் இந்தச் சூத்திரம் 100% என்று சொல்லும். பெருக்குத் தொடர் ஒருபோதும் பூஜ்யத்தைத் தொடாது. 15%இல் 20 ஆண்டு போனாலும் சுமார் 19,380 ரூபாய் ஏட்டில் இருக்கும்.

படி 7: ஆண்டு நடுவில் வாங்கினால்

மேலே உள்ள அட்டவணை ஏப்ரல் 1 அன்று மெஷின் ஓடத் தொடங்கியதாகப் போட்டது. டிசம்பர் 1 அன்று தொடங்கினால் மார்ச் 31க்குள் நான்கு மாதம்தான். நேர்கோட்டு முறையில் முதல் ஆண்டு 15,000, பிறகு ஒன்பது முழு ஆண்டுகள், கடைசியில் மிச்சமுள்ள எட்டு மாதத்துக்கு 30,000.

வருமான வரிக் கணக்கில் மாதம் எண்ணுவதில்லை. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதி விழுக்காடு, அதாவது 7.5%. அப்போது முதல் ஆண்டு 37,500 கழிந்து 4,62,500 மிஞ்சும். அங்கிருந்துதான் 0.85 விகிதம் தொடங்குகிறது; 5,00,000 × 0.85ⁿ என்று போட்டால் எல்லா ஆண்டும் தவறும். சரியான சூத்திரம் 4,62,500 × 0.85ⁿ⁻¹.

வரிக் கணக்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி ஏடும் கிடையாது. ஒரே விழுக்காடுள்ள இயந்திரங்கள் எல்லாம் ஒரே தொகுப்பாகச் சேர்ந்துவிடும். புதிதாக வாங்கியது கூடும், விற்ற பணம் கழியும். வாங்கலும் விற்றலும் இல்லாத ஆண்டுகளில் மட்டுமே அந்தத் தொகுப்பு 0.85 விகிதத்தில் சுத்தமான பெருக்குத் தொடராக இறங்கும். ஆடிட்டர் தரும் தேய்மான அட்டவணையில் இந்த ஆண்டு மதிப்பைப் போன ஆண்டு மதிப்பால் வகுத்து 0.85 வராவிட்டால், முதலில் அந்த ஆண்டின் கொள்முதல், விற்பனைப் பதிவுகளைப் பாருங்கள்.