முடிவே தெரியாத குறும்வீடியோ: லூப் ஹுக் அமைப்பது எப்படி?

ஷார்ட்ஸோ ரீல்ஸோ, வீடியோ முடிந்ததும் தானாகவே முதலிலிருந்து ஓடத் தொடங்கும். "முடிந்துவிட்டது" என்று பார்வையாளருக்குத் தோன்றிய நொடியில் விரல் மேலே தள்ளிவிடும். அப்படித் தோன்றுவதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிட்டால், சில நொடிகளாவது கூடுதலாகப் பார்ப்பார். லூப் ஹுக்கின் வேலை இதுதான். வீடியோவின் கடைசியும் முதலும் சேரும் இடத்தை மறைக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை வைத்தே செய்து பார்ப்போம். ஷூ லேஸ் அவிழாமல் கட்டுவது பற்றி 20 நொடி வீடியோ.

1. கடைசி வரியையும் முதல் வரியையும் சேர்த்து எழுதுங்கள்

ஸ்கிரிப்ட்டை மேலிருந்து கீழே எழுதாதீர்கள். இணைப்பு வாக்கியத்தை முதலில் எழுதுங்கள்:

"முதல் சுற்றைத் திசை பார்க்காமல் போடுவதால்தான் / கட்டிய ஷூ லேஸ் கொஞ்ச நேரத்திலேயே அவிழ்ந்துவிடுகிறது."

கோட்டுக்குப் பின்னால் இருப்பது வீடியோவின் முதல் வரி, முன்னால் இருப்பது கடைசி வரி. முதல் வரி தனியாகக் கேட்டாலும் முழு வாக்கியமாக இருக்கிறது. ஆகவே புதிதாக வருபவருக்கு எதுவும் குறையாது. கடைசி வரியோ "தான்" என்று தொங்கி நிற்கிறது, காது அடுத்த சொல்லைத் தேடும். தமிழில் காரணம் முன்னாலும் வினை கடைசியிலும் வருவதால் இந்த அமைப்பு நமக்கு எளிதாக வாய்க்கிறது. "-ஆல்தான்", "-ஆவிட்டால்", "அதனால்தான்" போன்ற முடிவுகளை முயன்று பாருங்கள்.

2. இணைப்பை ஒரே டேக்கில் எடுங்கள்

பலர் முதல் ஷாட்டைக் காலையில் எடுத்துவிட்டு, கடைசி ஷாட்டை அதைப்போலவே பிறகு எடுக்கப் பார்ப்பார்கள். வெளிச்சமும் கையின் நிலையும் மாறியிருக்கும், ஒட்டாது. இரண்டையும் ஒரே ஷாட்டாக எடுத்து நடுவில் வெட்டுவதே நல்லது.

நம் உதாரணத்தில், கட்டிய லேஸின் நுனியைக் கை பிடித்து இழுக்கிறது, முடிச்சு அவிழ்கிறது. இழுக்கும் பாதியிலேயே வெட்டுங்கள். இழுக்கத் தொடங்கும் பகுதி வீடியோவின் கடைசிக்குப் போகும், அவிழும் பகுதி முதலுக்கு வரும். அசைவின் நடுவில் விழும் வெட்டு கண்ணில் படாது. கை நின்ற பிறகு வெட்டினால் உடனே தெரிந்துவிடும். ஸ்டாண்டில் போனை வைத்து, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் செய்துவிடுங்கள். இல்லையென்றால் வெளிச்சம் ஒரு துள்ளு துள்ளும்.

குரலுக்கும் இதே வழிதான். இணைப்பு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லிப் பதிவுசெய்து, "கட்டிய" என்ற சொல்லுக்குச் சற்று முன்னால் வெட்டுங்கள். க, ப, ட போன்ற வல்லின ஒலி வெடிப்பதற்கு முன் ஒரு நுண்ணிய மௌனம் இருக்கும். வெட்டு அங்கே ஒளிந்துகொள்ளும்.

3. நடுப்பகுதி

இங்கே உண்மையான விஷயம் இருக்க வேண்டும், லூப் மட்டும் யாரையும் பிடித்துவைக்காது. முதல் குறுக்குச் சுற்றும் அதன்மேல் போடும் வளைய முடிச்சும் ஒரே திசையில் போனால் முடிச்சு ஷூவின் நீளவாக்கில் திரும்பி, சீக்கிரம் தளரும். முதல் சுற்றை எதிர்த்திசையில் போட்டால் முடிச்சு குறுக்காகப் படுத்து இறுகி நிற்கும். இதைத் தெளிவாக, ஆனால் இழுக்காமல் காட்டுங்கள். எந்தக் கை மேலே போனது என்று சரிபார்க்கவே பலர் இன்னொரு முறை பார்ப்பார்கள்.

4. ஒலியைச் சரிசெய்யுங்கள்

இசையைக் கடைசியில் மெல்லக் குறைத்து முடிப்பது லூப்பைக் கொன்றுவிடும். தாளச் சுற்று முடியும் இடத்தில் வெட்டுங்கள். நிமிடத்துக்கு 120 தாளத் தட்டு, சுற்றுக்கு 4 தட்டு என்றால் ஒரு சுற்று 2 நொடி, 20 நொடிக்குச் சரியாக 10 சுற்று வரும். கடைசியில் மிச்சமிருக்கும் மௌனம், லோகோ, "நன்றி", "சப்ஸ்கிரைப் பண்ணுங்க" எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சப்ஸ்கிரைப் கேட்டே ஆக வேண்டுமென்றால் நடுவில் சிறு எழுத்தாகப் போடலாம்.

5. சோதனை

எடிட்டரில் முழு வீடியோவையும் நகலெடுத்து அதன் பின்னாலேயே ஒட்டி, போனில் ஓடவிடுங்கள். முதலில் கண்ணை மூடிக் கேளுங்கள், அப்புறம் ஒலியை அணைத்துப் பாருங்கள். எங்கே இணைந்தது என்று விஷயம் தெரியாத ஒருவரிடம் கேட்டால் இன்னும் நல்லது.

வெளியிட்ட பிறகு வியூ எண்ணிக்கையை வைத்து லூப்பை எடைபோடாதீர்கள். 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் மறுபடி ஓடுவதும் வியூவாகக் கணக்கில் சேர்கிறது. யூடியூப் ஸ்டூடியோவில் `Average percentage viewed` எண்ணைப் பாருங்கள். 20 நொடி வீடியோவைச் சராசரியாக 24 நொடி பார்த்தால் அது 120% காட்டும். எண் குறைவாக இருந்தால், எந்த நொடியில் எவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் வரைபடத்தைத் திறங்கள். கோடு கடைசி இரண்டு நொடிகளில் சரிந்தால் முடிவு வெளியே தெரிகிறது, இணைப்பைத் திருத்துங்கள். தொடக்கத்திலேயே சரிந்தால் லூப்பைத் தொட வேண்டாம், முதல் வரியை மாற்றி எழுதுங்கள்.