விடுப்புக் கடிதத்தில் மூன்று தேதிகள்: நடுவில் விடுமுறை வந்தால் எப்படி எழுதுவது

பேச்சில் எல்லாமே 'லீவு'தான். ஞாயிற்றுக்கிழமையும் லீவு, காய்ச்சலுக்கு எடுப்பதும் லீவு. எழுத்தில் இவை இரண்டு சொற்கள். எல்லோருக்கும் பொதுவாக அலுவலகம் மூடியிருந்தால் அது விடுமுறை. அலுவலகம் திறந்திருக்கும் நாளில் நீங்கள் மட்டும் வராமலிருக்கக் கேட்டுப் பெறுவது விடுப்பு. விடுமுறையை யாரும் உங்களுக்குத் தனியாகத் தர வேண்டியதில்லை. விடுப்பைக் கேட்டால்தான் கிடைக்கும். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், கடிதம் பாதி எழுதி முடிந்தது போல.

சேலத்திலும் ஏற்காட்டிலும் அரசு அலுவலகங்களில் பல ஆண்டுகள் விடுப்புப் பதிவேடு பார்த்தவன் நான். புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளர்கள் கொண்டுவரும் கடிதங்களில் காரணம் அழகாக இருக்கும், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தேதிதான் தடுமாறும். "புதன் முதல் லீவு வேண்டும், திங்கள் வந்துவிடுவேன்" என்று எழுதியிருப்பார்கள். எந்தத் திங்கள்? திங்கள் அன்று ஊருக்கு வந்து சேர்வதா, வேலைக்கு வருவதா? நடுவில் உள்ள விடுமுறை நாட்கள் கணக்கில் சேருமா? கடிதத்தைப் படிப்பவர் ஊகிக்க வேண்டியதாகிவிடும். ஊகம் தவறினால் குறைவது உங்கள் கணக்கில் உள்ள நாட்கள்.

எனவே மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் கணக்கை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். வீடு சேலம் அம்மாப்பேட்டையில், அலுவலகம் ஏற்காட்டில், சனி ஞாயிறு வார விடுமுறை. 2026ஆம் ஆண்டு காந்தி ஜெயந்தி, அக்டோபர் 2, வெள்ளிக்கிழமையில் வருகிறது. அந்த வாரத்தில் அவருக்குத் தங்கையின் திருமணம்.

முதல் படி: காகிதத்தில் நாட்களை வரிசையாக எழுதுங்கள்

கடிதத்தைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே கிழமையையும், அது பணிநாளா விடுமுறையா என்பதையும் எழுதுங்கள்.

செப்டம்பர் 30, புதன், பணிநாள்
அக்டோபர் 1, வியாழன், பணிநாள்
அக்டோபர் 2, வெள்ளி, அரசு விடுமுறை
அக்டோபர் 3, சனி, விடுமுறை
அக்டோபர் 4, ஞாயிறு, விடுமுறை
அக்டோபர் 5, திங்கள், பணிநாள்
அக்டோபர் 6, செவ்வாய், பணிநாள்
அக்டோபர் 7, புதன், பணிக்கு வரும் நாள்

இந்த வரிசையில் நான்கு பணிநாட்கள் விடுப்பாகின்றன, மூன்று விடுமுறைகள் நடுவில் கிடக்கின்றன. ஆள் அலுவலகத்தில் இல்லாத நாட்கள் மொத்தம் ஏழு.

சேலம் மாவட்டத்துக்காரர்கள் இந்தப் படியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவையொட்டி மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பது உண்டு. அது மாவட்டத்துக்கு மட்டும் உரியது. வீடு சேலத்தில் இருந்து அலுவலகம் நாமக்கல்லிலோ ஈரோட்டிலோ இருந்தால் அந்த நாள் உங்களுக்குப் பணிநாள்தான். வங்கிகளுக்கும் அது கட்டாய விடுமுறை அன்று. உள்ளூர் விடுமுறைக்கு ஈடாக வேறொரு சனிக்கிழமை பணிநாளாக அறிவிக்கப்படுவது வழக்கம். அந்தச் சனி உங்கள் விடுப்புக்குள் விழுந்தால், வழக்கமான சனி என்று விட்டுவிடாமல் அதற்கும் விடுப்புக் கேட்க வேண்டும். ஆட்சியரின் அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். ஈடுசெய்யும் நாள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இரண்டாம் படி: எந்த விடுப்பு என்று முடிவு செய்யுங்கள்

விடுமுறை நாட்களை எப்படி எண்ணுவது என்பது விடுப்பின் வகையைப் பொறுத்தது. புதியவர்கள் மிகவும் குழம்பும் இடம் இதுதான், ஆகவே சற்று நிதானமாகப் போவோம்.

தற்செயல் விடுப்பு ஓர் ஆண்டுக்கு 12 நாட்கள். இதில் நடுவில் வரும் விடுமுறைகள் விடுப்பாக எண்ணப்படுவதில்லை. நம் கணக்கில் 30, 1, 5, 6 ஆகிய நான்கு நாட்கள் மட்டுமே கழியும். ஆனால் விடுமுறைகளையும் சேர்த்துத் தொடர்ச்சியாக இல்லாத காலம் பத்து நாட்களைத் தாண்டக் கூடாது. இங்கே ஏழுதான், சிக்கல் இல்லை.

ஈட்டிய விடுப்பு அப்படியன்று. இரண்டு விடுப்பு நாட்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட விடுமுறைகளும் விடுப்பாகவே கழியும். அதே தேதிகளுக்கு ஈட்டிய விடுப்புக் கேட்டால் செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 6 வரை ஏழு நாட்கள் போய்விடும். விடுமுறைகள் விடுப்பின் முன்புறத்திலோ பின்புறத்திலோ ஒட்டியிருந்தால் மட்டும், அவற்றை முன் இணைப்பாகவும் பின் இணைப்பாகவும் துய்க்க அனுமதி கேட்கலாம். அனுமதி கிடைத்தால் அவை கழியா.

திருமணத்துக்கு முன்பே அதிக வேலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் செப்டம்பர் 28 திங்கள் முதல் அக்டோபர் 1 வியாழன் வரை ஈட்டிய விடுப்புக் கேட்பது நல்லது. செப்டம்பர் 26, 27 ஆகிய சனி ஞாயிறு முன் இணைப்பு. அக்டோபர் 2, 3, 4 பின் இணைப்பு. ஒன்பது நாட்கள் ஊரில் இருப்பார், கழிவது நான்கே நாட்கள்.

தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள் தங்கள் பணி விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரு விடுப்பு நாட்களுக்கு நடுவில் வரும் ஞாயிறைக் கழிக்கும் நிறுவனங்களும் உண்டு, கழிக்காதவையும் உண்டு. துணிக்கடை, மருத்துவமனை போன்ற இடங்களில் வார விடுமுறை ஆளுக்கு ஒரு கிழமை என்பதால், உங்கள் வார விடுமுறை எந்தக் கிழமை என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: மூன்று தேதிகளையும் தனித்தனியாக எழுதுங்கள்

விடுப்பின் முதல் நாள், விடுப்பின் கடைசி நாள், பணிக்கு வரும் நாள். நடுவில் விடுமுறையே இல்லாவிட்டால் கடைசி நாளுக்கு அடுத்த நாளே பணிக்கு வரும் நாள். பின்புறம் விடுமுறை ஒட்டியிருந்தால் இரண்டுக்கும் இடையில் இடைவெளி விழும். அந்த இடைவெளியைச் சொல்லாமல் விடுவதுதான் பெரும்பாலான கடிதங்களின் குறை. "1ஆம் தேதி வரை விடுப்பு" என்று எழுதி 5ஆம் தேதி வந்தால், மூன்று நாட்கள் எங்கே என்று கேள்வி வரும். "4ஆம் தேதி வரை விடுப்பு" என்று எழுதினால், நீங்களே உங்கள் வாயால் மூன்று விடுமுறைகளையும் விடுப்பாக்கிவிடுகிறீர்கள்.

தற்செயல் விடுப்புக்கு இப்படி எழுதலாம்:

> என் தங்கையின் திருமணத்தை முன்னிட்டு 30.9.2026 (புதன்), 1.10.2026 (வியாழன்), 5.10.2026 (திங்கள்), 6.10.2026 (செவ்வாய்) ஆகிய நான்கு நாட்களுக்குத் தற்செயல் விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இடையில் 2.10.2026 அரசு விடுமுறை, 3, 4.10.2026 சனி, ஞாயிறு. 7.10.2026 (புதன்) முற்பகல் பணிக்கு வருவேன்.

ஈட்டிய விடுப்புக்கு:

> 28.9.2026 (திங்கள்) முதல் 1.10.2026 (வியாழன்) வரை, இரு நாட்களும் உட்பட, நான்கு நாட்களுக்கு ஈட்டிய விடுப்பு வழங்குமாறும், 26, 27.9.2026 ஆகிய விடுமுறை நாட்களை முன் இணைப்பாகவும் 2, 3, 4.10.2026 ஆகிய விடுமுறை நாட்களைப் பின் இணைப்பாகவும் துய்க்க அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். 5.10.2026 (திங்கள்) முற்பகல் பணியில் சேர்வேன். இக்காலத்தில் தலைமையிடத்தை விட்டு வெளியே செல்லவும் அனுமதி வேண்டுகிறேன்.

'முதல்', 'வரை' என்ற சொற்களை எழுதும்போது 'இரு நாட்களும் உட்பட' என்று சேர்ப்பது என் வழக்கம். 'வரை' என்றால் அந்த நாளும் சேருமா என்று ஆளுக்கு ஆள் வேறுவிதமாகப் படிப்பதைக் கண்டிருக்கிறேன். தேதிக்குப் பக்கத்தில் கிழமை இருந்தால், எண் தவறினாலும் உடனே தெரிந்துவிடும். முற்பகல், பிற்பகல் என்பதும் முக்கியம். 'திரும்புவேன்' என்ற சொல்லைத் தவிருங்கள். வெளியூரிலிருந்து சேலத்துக்குக் காலையில் வந்து இறங்கி, மலையேறும் பஸ்ஸைப் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் முற்பகல் நழுவிவிடலாம். ஊர் திரும்பும் நாள் வேறு, பணிக்கு வரும் நாள் வேறு. கடிதத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

நான்காம் படி: ஒரு நாள் கூடினால் என்ன ஆகும் என்று முன்பே கணக்குப் போடுங்கள்

என் பிரிவில் இருந்த ஓர் இளைஞருக்கு நடந்தது இது. பின் இணைப்போடு ஈட்டிய விடுப்பில் போனவர், திங்கட்கிழமை வர முடியாமல், "இன்று ஒரு நாள் தற்செயல் விடுப்பு" என்று செய்தி அனுப்பினார். ஈட்டிய விடுப்போடு தற்செயல் விடுப்பை ஒட்ட முடியாது. எனவே திங்களும் ஈட்டிய விடுப்பாக நீட்டிக்கப்பட்டது. அப்படி நீண்டதும், அதுவரை பின் இணைப்பாக இருந்த விடுமுறைகள் இரண்டு விடுப்பு நாட்களுக்கு நடுவில் வந்துவிட்டன. பின் இணைப்பு என்ற தகுதியே போயிற்று.

நம் கணக்கில் வைத்துப் பாருங்கள். செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 1 வரை நான்கு நாட்கள். அக்டோபர் 5 அன்று வராவிட்டால் விடுப்பு 28 முதல் 5 வரை எட்டு நாட்களாகிறது. கூடியது ஒரு நாள், கழிந்தது நான்கு. அந்த இளைஞரின் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது. முன்பே யாராவது சொல்லியிருந்தால் திங்கள் காலை எப்படியாவது வந்து பணியில் சேர்ந்துவிட்டு, செவ்வாய்க்குத் தற்செயல் விடுப்புக் கேட்டிருப்பார். நடுவில் முறையாகப் பணியில் சேர்ந்துவிட்டால் இரண்டும் தனித்தனி விடுப்புகள்.

திங்கள் வர முடியுமா என்று முதலிலேயே ஐயம் இருந்தால், தற்செயல் விடுப்பில் போதுமான நாட்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் முழுவதையும் அதிலேயே கேளுங்கள். நாட்கள் நீண்டால் பணிநாள் மட்டுமே கூடுதலாகக் கழியும். பத்து நாள் எல்லை மட்டும் நினைவிலிருக்கட்டும்.

ஐந்தாம் படி: பணிக்கு வந்த அன்று

ஈட்டிய விடுப்பு முடிந்து வந்ததும் பணியில் சேர்ந்ததற்கான அறிக்கையை அன்றே கொடுங்கள். அதிலும் அதே தேதிகளை எழுதுங்கள்: "28.9.2026 முதல் 1.10.2026 வரை ஈட்டிய விடுப்பும், 26, 27.9.2026 முன் இணைப்பும், 2, 3, 4.10.2026 பின் இணைப்பும் துய்த்து, 5.10.2026 முற்பகல் பணியில் சேர்ந்தேன்." விடுப்பு வழங்கும் ஆணை கைக்கு வந்தபின் அதையும் உங்கள் கடிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆணையில் இணைப்பு நாட்கள் விடுபட்டிருந்தால் அந்த வாரமே எழுத்தில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பணிப்பதிவேட்டில் பதிவாகிவிட்ட பிறகு அந்த நாட்களைத் திரும்பப் பெற ஒரு கோப்பே தொடங்க வேண்டியிருக்கும்.