வளரும் வயதில் எலும்பைக் கட்டுவது எப்படி: ஒரு அளவுநாடா, ஒரு தம்ளர் பால், முப்பது குதி

கால்சியம் மாத்திரை கொடுத்தால் பிள்ளை உயரமாகுமா என்று கேட்கிற அம்மா அப்பாக்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆகாது. உயரத்தின் பெரும்பங்கு பரம்பரையிலிருந்து வருகிறது. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில், உணவில் கால்சியம் மிகக் குறைவாக இருந்த 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் கால்சியம் கொடுத்துவிட்டு, பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்ட பையன்கள் சீக்கிரமே வளர்ந்தார்கள், சீக்கிரமே வளர்ச்சியை நிறுத்தியும் விட்டார்கள். கடைசியில் சாப்பிடாதவர்களைவிட மூன்றரை சென்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள். எல்லா ஊரிலும் அப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் உயரத்துக்காகக் கால்சியம் வாங்குவதில் அர்த்தமில்லை.

அப்புறம் எதற்கு இந்த வயதில் கால்சியமும் விளையாட்டும்? எழுபது வயதில் இருக்கிற உயரம் குறையாமல் இருப்பதற்கு. முதுகில் அடுக்கடுக்காக இருக்கும் முள்ளெலும்புகள் வயதான பிறகு பலமிழந்து நசுங்கும்போதுதான் பாட்டிகள் கூன் விழுந்து குட்டையாகிறார்கள். அந்த நசுங்கலைத் தாங்கும் பலத்தில் பெரும்பகுதி பத்து வயதுக்கும் இருபதுக்கும் இடையில் சேர்ந்துவிடுகிறது, முப்பதை நெருங்கும்போது உச்சத்தைத் தொடுகிறது. அதற்கு மேல் பெரும்பாலும் செலவுதான். உயரம் குறைவதற்கு முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் வயதில் மெலிவதும் ஒரு காரணம். அதைப் பால் குடித்துத் தடுக்க முடியாது. நம் கையில் இருப்பது எலும்பு மட்டும்.

முதல் படி: அந்தக் காலம் எப்போது என்று கண்டுபிடியுங்கள்

பிறந்தநாளை வைத்துச் சொல்ல முடியாது, சுவரை வைத்துச் சொல்லலாம். பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நிற்க வையுங்கள். குதிகால், பின்புறம், தோள் மூன்றும் சுவரில் படவேண்டும், பார்வை நேராக இருக்கவேண்டும். தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள், தேதியையும் எழுதுங்கள். எப்போதும் காலையில் எழுந்தவுடனே அளங்கள், ஏனென்றால் சாயங்காலத்துக்குள் எல்லோருமே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறோம், காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அளந்தால் கணக்கு கெட்டுப்போகும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். சாதாரணமாக ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளர்கிற பிள்ளை, ஒரு கட்டத்தில் மூன்று மாதத்திலேயே இரண்டு சென்டிமீட்டரோ கூடவோ ஏற ஆரம்பிக்கும். அதுதான் துள்ளல் வளர்ச்சி. பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 11, 12 வயதில், வயதுக்கு வருவதற்கு முன்னாலேயே வந்துவிடும். பையன்களுக்கு 13, 14. "பெண் வயதுக்கு வந்துவிட்டாள், இனி நன்றாகக் கவனிக்க வேண்டும்" என்று அப்போதுதான் உளுந்தங்களியும் பாலும் கொடுக்கத் தொடங்குகிற வீடுகள் நிறைய. கொடுப்பது நல்லதுதான், ஆனால் அதற்குள் துள்ளலின் உச்சம் கடந்திருக்கும்.

கடந்துவிட்டதே என்று கைவிடவும் வேண்டாம், ஏனென்றால் எலும்பு முதலில் நீளும், அதற்குள் தாது நிரம்புவது ஆறேழு மாதம், சிலருக்கு அதற்கும் மேல், பின்தங்கியே வரும். இந்த இடைவெளியில் எலும்பு நீளமாகவும் உள்ளே குறைவாக நிரம்பியும் இருப்பதால்தான் அந்த வயதில் கீழே விழுந்து மணிக்கட்டுப் பக்கம் கை ஒடிவது அதிகம். கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் 1991ல் தொடங்கி, வளரும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்காக அளந்து வந்தார்கள். பெரியவர்களுக்கு இருக்கிற எலும்புத் தாதுவில் ஏறக்குறைய கால்வாசி, தாது வேகமாகச் சேரும் உச்சத்தைச் சுற்றியுள்ள வெறும் இரண்டு ஆண்டுகளில் சேர்கிறது என்று கண்டார்கள்.

இரண்டாம் படி: ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போடுங்கள்

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் சொன்ன அளவு இது: 10 முதல் 12 வயதுக்கு நாளுக்கு 850 மில்லிகிராம், 13 முதல் 15க்கு 1000, 16 முதல் 18க்கு 1050. இப்போது 12 வயதுப் பெண் ஒருத்தியின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம், நம் வீடுகளில் வழக்கமாக இருப்பதுதான்.

காலையில் இட்லி சாம்பார், காபி. மதியம் சோறு, சாம்பார், பீன்ஸ் பொரியல், மோர். மாலையில் டீ, பிஸ்கட். இரவு தோசை, சட்னி. காபி டீ இரண்டிலும் சேர்த்து 150 மில்லி பால் போயிருந்தால் அது 180 மில்லிகிராம். மோர் ஒரு தம்ளர் என்றாலும் அதில் இருக்கும் தயிர் 50 மில்லிதான், 60 என்று வையுங்கள். அரிசி, பருப்பு, காய் எல்லாம் சேர்ந்து 150. மொத்தம் 390. வயிறு நிறையச் சாப்பிட்ட பெண்ணுக்குத் தேவையில் பாதிகூட வரவில்லை. அரிசியில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை என்பதுதான் காரணம்.

460 இன்னும் வேண்டும். இரவில் அரிசி தோசைக்குப் பதில் 50 கிராம் கேழ்வரகு மாவில் தோசையோ களியோ செய்தால் 180 கிடைக்கும். தனியாக ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி பால், 240. மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் எள்ளுருண்டை. அதில் எள் 10 கிராம் இருந்தால் காகிதக் கணக்கில் 120, ஆனால் தோலோடு இருக்கும் எள்ளில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் பாதியை மட்டும், 60 என்று எண்ணுங்கள். எல்லாம் சேர்ந்து 870. முடிந்தது. ஒரு மாத்திரைகூட இல்லை.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். முருங்கைக்கீரை உதவும், முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலி இன்னும் நல்லது. பாலக் கீரையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஆக்சலேட் மிக அதிகம் என்பதால் அதிலுள்ள கால்சியத்தில் இருபதில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு விழுங்க வைக்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். அப்புறம் வெயில். வைட்டமின் டி இல்லாவிட்டால் சாப்பிட்ட கால்சியத்தில் சிறு பங்குதான் குடலைத் தாண்டும். காலை ஏழு மணி இளவெயிலில் அந்தச் சத்து தோலில் அதிகம் உருவாவதில்லை, உச்சி வெயிலை ஒட்டிய நேரத்தில்தான் உருவாகும். நம் ஊரில் மதிய இடைவேளையில் கை கால் தெரிய விளையாடுகிற பிள்ளைக்குத் தனியாக வெயில் காய வேண்டியதில்லை. முழுநாளும் வகுப்பிலும் டியூஷனிலும் இருக்கிற பிள்ளைக்குத்தான் பிரச்சினை.

மூன்றாம் படி: குதிக்க வையுங்கள்

உண்மையைச் சொன்னால், இரண்டில் எனக்கு அதிக நம்பிக்கை இதன்மேல்தான். ஓரளவு சரியாகச் சாப்பிடும் பிள்ளைகளுக்கு மேற்கொண்டு கால்சியம் கொடுத்த ஆய்வுகளில் கிடைத்த லாபம் சிறியது, நிறுத்தியதும் பெரும்பாலும் போய்விடுகிறது. கால்சியம் குறைந்தால் கட்ட முடியாது, நிறைந்தால் தானாகக் கட்டிவிடாது. எலும்பை "கட்டு" என்று ஏவுவது அதன்மேல் விழும் அதிர்ச்சி.

அமெரிக்காவின் ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வில், வளர்ச்சி துள்ளுவதற்கு முந்தைய வயதுப் பிள்ளைகள் 61 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து ஒரு வேளைக்கு 100 குதி, வாரம் மூன்று நாள், ஏழு மாதம் குதித்தார்கள். இடுப்போடு சேரும் தொடையெலும்பின் கழுத்தில் தாது, வெறும் நீட்டிப் பயிற்சி செய்தவர்களைவிட 4.5 சதவீதம் கூடியது. நிறுத்தி ஏழு ஆண்டுகள் கழித்தும் அதில் ஒரு பங்கு மிச்சமிருந்தது. 2014ல் வந்த இன்னொரு ஆய்வு பேஸ்பால் வீரர்களைப் பற்றியது. எறிகிற கையின் எலும்பு மற்றக் கையைவிடப் பருமனாகிவிடுகிறது, ஆட்டத்தை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆன கிழவர்களிடமும் அந்தக் கூடுதல் பருமனில் ஏறக்குறைய பாதி அப்படியே இருந்தது. இளவயதில் எலும்பு வெளிப்பக்கமாகத் தடிக்கிறது, வயதில் தேய்வது பெரும்பாலும் உள்பக்கமாக. ஒரே அளவு மரம் என்றாலும் அகலமான மூங்கில் ஒல்லியான கழியைவிட வளையாமல் நிற்பதுபோல, அந்த அகலம் கடைசிவரை உதவுகிறது.

வீட்டில் செய்ய, பெட்டியெல்லாம் வேண்டாம். மண் தரையில் அல்லது ஷூ போட்டுக்கொண்டு இரண்டு காலாலும் முடிந்த உயரம் குதித்து, முழங்காலை லேசாக மடக்கி இறங்கவேண்டும். பத்து குதி, ஒவ்வொன்றுக்கும் நடுவே சில நொடி நின்று. காலை, மாலை, இரவு என்று மூன்று வேளை, மொத்தம் முப்பது. ஒரே மூச்சில் நூறு குதிக்க விடாதீர்கள், அடுத்தடுத்து விழும் அதிர்ச்சிக்கு எலும்பிலுள்ள செல்கள் சீக்கிரம் மரத்துப்போய்விடும், சில மணி நேரம் விட்டுக் குதித்தால் மறுபடி முழுசாகக் கேட்கும். இரண்டு மூன்று வாரத்தில் திசையை மாற்றுங்கள்: பக்கவாட்டில், பின்னோக்கி, ஒற்றைக்காலில். பாண்டி ஆட்டமும் நொண்டியும் கோகோவும் இதைத்தான் செய்கின்றன, அவற்றை விளையாடுகிற பிள்ளைக்கு எண்ணிக்கையே தேவையில்லை. நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு அருமையானவை, எலும்புக்கு இந்த வேலையைச் செய்யாது.

குதிப்பதில் இடுப்புக்கும் காலுக்கும் கிடைக்கிற பலன் முதுகுக்குக் குறைவாகவே கிடைக்கும். அதனால் தண்ணீர்க் குடம் தூக்குவது, கயிறு இழுப்பது, தண்டால் எடுப்பது என்று முதுகும் கையும் வேலை செய்கிற ஏதாவது வாரம் இரண்டு நாள் இருக்கட்டும்.

எங்கே கெட்டுப்போகிறது

முழங்காலிலோ கீழ்க்காலிலோ விரலால் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலி, இரவிலும் விடாமல் இருந்தால் குதிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அதைவிட நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு: கடுமையாக ஓடி ஆடுகிற பெண், அல்லது எடை குறைக்கிறேன் என்று சாப்பாட்டைக் குறைத்த பெண், மூன்று மாதம் மாதவிடாய் வராமல் இருப்பது. உடம்புக்குச் சாப்பாடு போதாமல் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்திருக்கலாம். அந்த நிலையில் எவ்வளவு பால் குடித்தாலும், எவ்வளவு குதித்தாலும் எலும்பு சேராது, இருப்பதும் கரையும். வீட்டில் யாரும் இதைக் கேட்பதில்லை, கேளுங்கள்.

கடைசியாக, பென்சிலும் நாடாவும் கையில் இருக்கும்போதே பாட்டி தாத்தாவையும் அளந்துவிடுங்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நீண்டகாலம் நடந்த ஆய்வில் முப்பதிலிருந்து எழுபது வயதுக்குள் பெண்கள் ஐந்து சென்டிமீட்டரும் ஆண்கள் மூன்றும் குறைந்திருந்தார்கள், எனவே கொஞ்சம் குறைவது இயல்பு. இளவயது உயரம் ஞாபகம் இல்லையென்றால் இரண்டு கைகளையும் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நுனிவரை அளங்கள், கைநீளம் வயதில் குறையாது. அந்த அளவு உயரத்தைவிடச் சில சென்டிமீட்டர் கூட இருப்பது சாதாரணம்தான். வித்தியாசம் மிக அதிகமாக இருந்தாலோ, இளவயது உயரத்திலிருந்து நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தது தெரிந்தாலோ, இனி ஆண்டுக்கு ஒருமுறை அளக்கும்போது இரண்டு சென்டிமீட்டர் குறைந்தாலோ, முதுகுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். முதுகுவலியே இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், முள்ளெலும்பு நசுங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது நடந்ததே தெரிவதில்லை, நசுங்கிய ஒன்று இருந்தால் அடுத்தது நசுங்குமுன் கொடுக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன.